விற்ற பிறகு கொடுக்கும் தள்ளுபடி: விற்பனை வரியைச் சரிசெய்வது எப்படி?

பினாங்கில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். மூன்று மாதம் முடிகிறது. மார்க்கெட்டிங் மேலாளர் வந்து, “அந்த டீலர் டார்கெட் எட்டிவிட்டார், 5 விழுக்காடு ரிபேட் கொடுத்துவிடுங்கள்” என்று சொல்லிவிட்டுப் போகிறார். சரக்கு எப்போதோ போய்விட்டது. இன்வாய்ஸ் போட்டாயிற்று, விற்பனை வரியும் சுங்கத்துறைக்குக் கட்டியாயிற்று. இப்போது விலை குறைகிறது. அப்படியென்றால் கட்டிய வரியில் ஒரு பகுதி கூடுதலாகக் கட்டியது. அதை யார், எந்தத் தாளில், எந்த மாதத்தில் குறைப்பது?

இதை ஓரிடத்தில் தெளிவாகச் சொல்பவர் எனக்குக் கிடைக்கவில்லை. ஆடிட்டர் ஒன்று சொன்னார், சாஃப்ட்வேர் விற்றவர் வேறொன்று சொன்னார். ஒவ்வொன்றாகத் தேடித்தான் வழி புரிந்தது. கீழே சொல்லியிருப்பது மலேசியாவில் தயாரித்து இங்கேயே டீலருக்கு விற்கும், விற்பனை வரிக்குப் பதிவுசெய்த தொழிற்சாலைகளுக்கானது. வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்யும் டீலருக்கு இது பொருந்தாது. அவர் வரி கட்டியது சுங்கப் பாரத்தில். வெளிநாட்டுத் தயாரிப்பாளர் விலையைக் குறைத்து அனுப்பும் கிரெடிட் நோட்டை வைத்து அவர் சுங்கத்துறைக்குப் போகும் விற்பனை வரிப் பாரமான `SST-02`இல் எதையும் கழிக்க முடியாது.

1. முதலில் இது விலைக் குறைப்புதானா என்று பாருங்கள்

பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. ரிபேட், இன்சென்டிவ், போனஸ், சப்போர்ட் என்று மார்க்கெட்டிங் பிரிவு எப்படி வேண்டுமானாலும் அழைக்கும். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: டீலர் ஏற்கெனவே வாங்கிய சரக்கின் விலை குறைகிறதா, அல்லது டீலர் செய்த வேறொரு வேலைக்கு நாம் பணம் கொடுக்கிறோமா?

மூன்று மாதத்தில் இவ்வளவு வாங்கினால் வாங்கிய மதிப்பில் 5 விழுக்காடு திரும்பக் கொடுப்போம் என்றால் அது விலைக் குறைப்பு. கடை முகப்பில் எங்கள் பெயர்ப் பலகை வைக்க, தீபாவளி சமயத்தில் விளம்பரம் போட, அலமாரியில் முன்வரிசை கொடுக்க என்று கொடுக்கும் பணம் அப்படியல்ல. அது டீலர் நமக்குச் செய்யும் சேவைக்கான கூலி. அதற்கு டீலர்தான் நமக்கு இன்வாய்ஸ் போட வேண்டும். நாம் விற்ற சரக்கின் விலை மாறவே இல்லை, ஆகவே விற்பனை வரியும் குறையாது.

மூன்றாவது வகை, டீலரின் வங்கிக் கணக்கில் நேரடியாகப் போடும் ஊக்கத்தொகை. பாஸ்களுக்கு இது பிடிக்கும், டீலரும் கையில் பணம் வந்தது என்று மகிழ்வார். ஆனால் இது வருமான வரிப் பக்கம் வேறு வேலையை இழுத்து வரும். டீலர் நிறுவனமாக இல்லாமல் தனிநபராகத் தொழில் செய்பவராக இருந்து, முந்தைய ஆண்டில் உங்களிடமிருந்து 1 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் இப்படிப்பட்ட ஊக்கங்களைப் பெற்றிருந்தால், வருமான வரிச் சட்டத்தின் 107டி பிரிவின்படி 2 விழுக்காட்டைப் பிடித்து உள்நாட்டு வருமான வரி வாரியத்துக்குக் கட்ட வேண்டும். இ-இன்வாய்ஸ் முறையில் அதற்கு நீங்களே டீலர் சார்பில் இன்வாய்ஸ் போட வேண்டியும் வரும். ஆகவே திட்டம் தொடங்கும் முன்பே மார்க்கெட்டிங் பிரிவோடு உட்கார்ந்து, இது எந்த வகை என்று முடிவுசெய்துகொள்ளுங்கள். கொடுத்த பிறகு வகையை மாற்ற முயன்றால் தாள்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாது.

2. திட்டக் கடிதத்தை விற்பனைக்கு முன்பே கையில் வாங்குங்கள்

பின்னால் சுங்க அதிகாரி வந்து, “ஏன் இந்த வரியைக் கழித்தீர்கள்?” என்று கேட்டால் முதலில் காட்ட வேண்டியது இந்தக் கடிதம்தான். அதில் டீலரின் பெயர், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்தெந்தப் பொருள்கள், எவ்வளவு வாங்கினால் எத்தனை விழுக்காடு என்பவை இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் கையெழுத்து.

ஒரு வாக்கியத்தை மறக்காமல் சேர்க்கச் சொல்லுங்கள்: தள்ளுபடி கணக்கிடப்படுவது வரிக்கு முந்தைய விலையிலா, வரி சேர்ந்த தொகையிலா? பெரும்பாலான கடிதங்களில் இது இருக்காது. மூன்று மாதம் கழித்துச் சண்டை வருவது இங்கேதான்.

3. தள்ளுபடியை இன்வாய்ஸ் வாரியாகப் பிரியுங்கள்

ஓர் உதாரணத்தோடு போகலாம். பிறையில் ஒரு தொழிற்சாலை, புக்கிட் மெர்தாஜாமில் ஒரு டீலர். பொருளுக்கு விற்பனை வரி 10 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். (சில பொருள்களுக்கு 5 விழுக்காடு, சிலவற்றுக்கு வரியே இல்லை. உங்கள் பொருளின் எச்எஸ் குறியீட்டை வைத்துப் பாருங்கள்.) ஜனவரி முதல் மார்ச் வரை 1,50,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்கினால், வரிக்கு முந்தைய விலையில் 5 விழுக்காடு தள்ளுபடி என்பது திட்டம்.

டீலர் மூன்று முறை வாங்கினார். ஜனவரியில் 48,000 ரிங்கிட், பிப்ரவரியில் 57,000, மார்ச்சில் 55,000. மொத்தம் 1,60,000. வரி 16,000. டீலர் கொடுத்தது 1,76,000 ரிங்கிட்.

தள்ளுபடி 8,000 ரிங்கிட். அதற்கான வரி 800. ஆக கிரெடிட் நோட் 8,800 ரிங்கிட்டுக்குப் போக வேண்டும். இதை இன்வாய்ஸ் வாரியாகப் பிரித்தால்:

- ஜனவரி: தள்ளுபடி 2,400, வரி 240
- பிப்ரவரி: தள்ளுபடி 2,850, வரி 285
- மார்ச்: தள்ளுபடி 2,750, வரி 275

மொத்தமாக 800 என்று தெரிந்த பிறகு எதற்கு இந்தப் பிரிப்பு என்று தோன்றும். எல்லா இன்வாய்ஸிலும் ஒரே விகிதம் இருந்தால் விடை மாறாது என்பது உண்மைதான். ஆனால் அப்படி எப்போதும் இருப்பதில்லை. 2025 ஜூலை 1 அன்று பல பொருள்களின் விகிதம் மாறியது. அதுவரை வரி இல்லாத சில பொருள்களுக்கு அன்றிலிருந்து 5 விழுக்காடு வந்தது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஓடிய ஒரு தள்ளுபடித் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலைக்கு முந்தைய இன்வாய்ஸ்களில் வரியே வசூலிக்கவில்லை என்றால், அந்தப் பகுதித் தள்ளுபடிக்குக் கழிக்க வரியும் கிடையாது. முழுத் தொகைக்கும் 5 விழுக்காடு போட்டுக் கழித்தால், கட்டாத வரியைத் திரும்ப எடுத்ததாகிவிடும்.

ஆகவே விதி இது: கிரெடிட் நோட் போடும் நாளின் விகிதத்தைப் பார்க்காதீர்கள், விற்ற நாளின் விகிதத்தைப் பாருங்கள். ஒரே டீலர் 5 விழுக்காட்டுப் பொருளும் 10 விழுக்காட்டுப் பொருளும் கலந்து வாங்கினாலும் இதே பிரிப்புதான்.

4. கிரெடிட் நோட்டைச் சரியாக எழுதுங்கள்

விற்பனை வரியைக் குறைக்கும் அதிகாரம் கிரெடிட் நோட்டுக்கு மட்டும்தான். மின்னஞ்சலில் ‘கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதுவதோ, அடுத்த இன்வாய்ஸில் ஒரு மைனஸ் தொகையாகப் போடுவதோ போதாது. அடுத்த இன்வாய்ஸில் மைனஸ் போட்டால் அந்த மாதத்து விற்பனையின் மதிப்பே குறைந்து காட்டும், பழைய விற்பனையோடு தொடர்பு அறுந்துபோகும்.

தாளில் இருக்க வேண்டியவை: ‘கிரெடிட் நோட்’ என்ற சொல் பளிச்சென்று தெரியும்படி, வரிசை எண், தேதி, உங்கள் பெயர், முகவரி, விற்பனை வரிப் பதிவு எண், டீலரின் பெயர், முகவரி, காரணம், பொருளின் விவரம், வரி நீங்கலான தொகை, வரி விகிதம், வரித் தொகை, மூல இன்வாய்ஸ்களின் எண்ணும் தேதியும். இந்தத் தாளை மலாயிலோ ஆங்கிலத்திலோ போடுங்கள்.

காரணம் என்ற இடத்தில் வெறுமனே ‘சரிசெய்தல்’ என்று எழுதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். முதல் காலாண்டு கொள்முதல் தள்ளுபடி, இன்ன தேதியிட்ட திட்டக் கடிதம் என்று எழுதுங்கள். மூன்று ஆண்டு கழித்து நீங்கள் அந்த நிறுவனத்தில் இல்லாமல் போனாலும் தாளே பதில் சொல்லும்.

இங்கே பலர் விழும் பள்ளம் ஒன்று உண்டு. பாஸ் “8,000 கொடு” என்று சொன்னதும், 8,000க்குள்ளேயே வரியும் அடங்கியதாகப் போட்டுவிடுவார்கள். அப்போது தள்ளுபடி 7,272.73 ஆகவும் வரி 727.27 ஆகவும் பிரியும். டீலருக்கு 800 ரிங்கிட் குறைவு. இன்னொரு விதம், 8,000க்கு வரியே இல்லாமல் கிரெடிட் நோட் போடுவது. அது உங்கள் விருப்பம்தான், ஆனால் அப்படிப் போட்டால் 800 ரிங்கிட்டை `SST-02`இல் கழிக்கக் கூடாது. டீலருக்கு வரியைக் கொடுக்காமல் சுங்கத்துறையிடம் மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

வரியில்லாத கிரெடிட் நோட் கிடைத்த ஒரு டீலர், வயதில் மூத்தவர், தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: “தம்பி, வாங்கும்போது நூற்றுக்குப் பத்து வெள்ளி சேர்த்துத்தானே வாங்கினீங்க? திருப்பும்போது அந்தப் பத்து எங்கே?” நியாயமான கேள்வி. நம் நாட்டு விற்பனை வரி ஒரே கட்டத்தில், தொழிற்சாலையில் வசூலிக்கப்படுவது. டீலர் அதை எங்கும் திரும்பக் கோர முடியாது. அவருக்கு அது சரக்கின் அடக்க விலையோடு சேர்ந்துவிட்ட செலவு. நாம் திருப்பினால்தான் உண்டு.

5. இ-இன்வாய்ஸில் ஏற்றுங்கள்

உங்கள் நிறுவனம் இ-இன்வாய்ஸ் முறைக்குள் வந்துவிட்டது என்றால் கிரெடிட் நோட்டும் `MyInvois` வழியாகத்தான் போக வேண்டும். இது உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் தளம். விற்பனை வரி சுங்கத்துறையின் `MySST` தளம். இரண்டும் வேறு வேறு அலுவலகம். ஒன்றில் போட்டதால் மற்றதில் தானாகச் சேராது.

கவனிக்க வேண்டிய இடங்கள் மூன்று.

ஆவண வகைக் குறியீடு. கிரெடிட் நோட்டுக்கு `02`. சாதாரண இன்வாய்ஸ் `01`. பணத்தை நேரடியாகத் திருப்பித் தருவதற்கான ரீஃபண்ட் நோட் `04`. டீலரின் கணக்கில் கழிக்கிறோம் என்றால் `02`தான்.

வரி வகைக் குறியீடு. இது வேறு பட்டியல், ஆனால் எண்கள் ஒரே மாதிரி இருப்பதால் குழப்பும். இதில் `01` என்றால் விற்பனை வரி, `02` என்றால் சேவை வரி, `06` என்றால் வரி பொருந்தாது. ஆகவே நம் கிரெடிட் நோட்டில் ஆவண வகை `02`, வரி வகை `01` என்று வரும். கிரெடிட் நோட் என்றாலே வரி வகையை `06` என்று போடும்படி சில சாஃப்ட்வேரில் முன்பே அமைத்து வைத்திருப்பார்கள். அனுப்புவதற்கு முன் அந்தக் கட்டத்தைத் திறந்து பாருங்கள்.

மூல இன்வாய்ஸின் எண். இங்கே உங்கள் சொந்த இன்வாய்ஸ் எண் மட்டும் போதாது. `MyInvois` ஒவ்வொரு ஆவணத்துக்கும் கொடுத்த தனி அடையாள எண்ணான `UUID` வேண்டும். நம் உதாரணத்தில் மூன்று இன்வாய்ஸ், ஆகவே மூன்று `UUID`. ஒரே கிரெடிட் நோட்டில் மூன்றையும் குறிப்பிடலாம், தனித்தனியாகப் போட வேண்டியதில்லை.

ஏற்றிய ஆவணத்தை 72 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். டீலரும் அதே நேரத்துக்குள் அதை நிராகரிக்கக் கோரலாம். அதற்குப் பிறகு தவறு தெரிந்தால் இன்னோர் ஆவணம் போட்டுத்தான் சரிசெய்ய முடியும். ஆகவே கிரெடிட் நோட்டை வெள்ளிக்கிழமை மாலையில் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும், டீலரின் கணக்காளர் பார்க்கும்போது திங்கள் ஆகிவிடும். திங்கள் காலையில் ஏற்றி, டீலருக்கு ஒரு வாட்ஸ்அப் தட்டிவிடுங்கள்: “அண்ணே, கிரெடிட் நோட் போட்டாச்சு, தொகையைச் சரிபார்த்துச் சொல்லுங்க.”

6. எந்த `SST-02`இல் கழிப்பது?

விற்பனை வரி, பணம் வந்ததா இல்லையா என்று பார்க்காது, சரக்கு விற்றவுடன் கட்ட வேண்டியதாகிவிடும். வரிக் காலம் இரண்டு மாதம். காலம் முடிந்த அடுத்த மாதக் கடைசி நாளுக்குள் பாரமும் பணமும் போய்ச் சேர வேண்டும். உங்கள் காலம் எந்த மாதத்தில் தொடங்குகிறது என்பது `MySST`இல் இருக்கும்.

நம் தொழிற்சாலைக்கு ஜனவரி-பிப்ரவரி, மார்ச்-ஏப்ரல் என்று காலம் போகிறது என்று கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க மற்ற வாடிக்கையாளர்களை விட்டுவிடலாம். ஜனவரி, பிப்ரவரி விற்பனைக்கான வரி 10,500 ரிங்கிட் மார்ச் 31க்குள் கட்டியாயிற்று. டார்கெட் எட்டினாரா என்பதே ஏப்ரலில்தான் தெரியும். கிரெடிட் நோட் ஏப்ரல் 10 அன்று போகிறது.

பழைய பாரத்தைத் திருத்த வேண்டியதில்லை. கிரெடிட் நோட் எந்தக் காலத்தில் போடப்பட்டதோ அந்தக் காலத்தின் பாரத்தில்தான் கழிக்க வேண்டும். மார்ச் விற்பனை வரி 5,500. ஏப்ரலில் அதே டீலர் 40,000 ரிங்கிட்டுக்கு வாங்கினார் என்றால் வரி 4,000. மொத்தம் 9,500. கிரெடிட் நோட் வரி 800ஐக் கழித்தால் 8,700 ரிங்கிட். மே 31க்குள் இதைக் கட்ட வேண்டும்.

பாரத்தை நிரப்பும்போது விற்பனை மதிப்பை முழுதாகவே காட்டுங்கள். மார்ச், ஏப்ரல் சேர்ந்து 95,000. பிறகு கிரெடிட் நோட் வரிக் கழிவுக்கென்று தனி இடம் இருக்கிறது, அங்கே 800 போடுங்கள். சாஃப்ட்வேர் தரும் விற்பனை அறிக்கை சில நேரம் கிரெடிட் நோட்டைக் கழித்து 87,000 என்று காட்டும். அதை அப்படியே மேலே எழுதி, கீழே மறுபடி 800 கழித்தால் ஒரே தள்ளுபடிக்கு இரண்டு முறை வரி குறைந்துவிடும். அனுப்பும் முன் ஒரு சோதனை: பாரத்தில் காட்டிய விற்பனை மதிப்பு, அந்த இரண்டு மாதம் நீங்கள் போட்ட இன்வாய்ஸ்களின் மொத்தத்தோடு ஒத்துப்போக வேண்டும். குறைவாக இருந்தால் எங்கோ ஏற்கெனவே கழிந்திருக்கிறது. அதே போல் கழிவு இடத்தில் 8,000 என்று தள்ளுபடித் தொகையைப் போட்டுவிடாதீர்கள். அது கேட்பது வரித் தொகையை.

நேரம் முக்கியம் என்பதற்கு இன்னொரு காரணம். மார்க்கெட்டிங் பிரிவு இழுத்தடித்து, கிரெடிட் நோட் மே 3 அன்று போனால் 800 ரிங்கிட் மே-ஜூன் பாரத்துக்குப் போய்விடும். அதன் கெடு ஜூலை 31. மூன்று வாரத் தாமதம், பணம் திரும்ப இரண்டு மாதம். இருபது டீலர்கள் இருந்தால் தொகை சிறியதல்ல. அதற்காக, இன்னும் போடாத கிரெடிட் நோட்டுக்கு முன்தேதி போடவும் கூடாது. இ-இன்வாய்ஸில் ஏற்றிய நேரம் பதிவாகிவிடும்.

`MySST`இல் பாரம் அனுப்ப, `MyInvois` தளத்தைப் பயன்படுத்தக் கட்டணம் எதுவும் இல்லை. செலவு வருவது தாமதத்தால். வரி தாமதமானால் முதல் 30 நாளில் 10 விழுக்காடு அபராதம், அடுத்த 30 நாளில் இன்னொரு 15, அதற்கடுத்த 30 நாளில் மேலும் 15. மொத்தம் 40 விழுக்காடு வரை போகும். தள்ளுபடிக் கணக்கு முடியவில்லை என்பதற்காகப் பாரத்தை நிறுத்தி வைக்காதீர்கள். கழிக்காமல் அனுப்புங்கள், கிரெடிட் நோட்டை அடுத்த காலத்தில் போட்டு அப்போது கழித்துக்கொள்ளலாம்.

7. தள்ளுபடிக்குப் பதில் சரக்காகக் கொடுத்தால்

“8,000க்குப் பதில் அதே மதிப்புக்குச் சரக்கு அனுப்பிவிடலாமே” என்று யாராவது சொல்வார்கள். ஸ்டாக் தேங்கியிருந்தால் நல்ல யோசனை மாதிரித் தெரியும். ஆனால் பதிவுசெய்த தொழிற்சாலை தன் பொருளை விற்காமல் சும்மா கொடுத்தாலும் விற்பனை வரி உண்டு. சட்டம் விற்பனையோடு சேர்த்து, வேறு வழியில் கைமாற்றுவதையும் சொல்கிறது. அதாவது பழைய வரி 800 குறையாது, புதிதாகக் கொடுக்கும் சரக்குக்கும் வரி கட்ட வேண்டும். இரண்டு வழியையும் எண்ணால் எழுதி பாஸின் மேசையில் வைத்துவிடுங்கள்.

8. டீலர் பக்கத்தில் இருப்பவர்களுக்கு

நீங்கள் டீலர் கடையில் கணக்கு எழுதுபவராக இருந்தால் உங்களுக்கு `SST-02` வேலை இல்லை. கிரெடிட் நோட்டை மட்டும் கூர்ந்து பாருங்கள்: வரி தனியாகக் காட்டப்பட்டிருக்கிறதா, எல்லா இன்வாய்ஸும் இருக்கின்றனவா, தொகை 8,800 வருகிறதா. தவறு இருந்தால் 72 மணி நேரத்துக்குள் சொல்லுங்கள்.

அப்புறம், இந்த 8,800ஐ ‘இதர வருமானம்’ என்று எழுதிவிடாதீர்கள். வாங்கிய சரக்கின் விலை குறைந்திருக்கிறது, ஆகவே அடக்க விலையைத்தான் குறைக்க வேண்டும். அந்தக் காலாண்டுச் சரக்கில் 40 விழுக்காடு இன்னும் கடையில் இருக்கிறது என்றால் 3,520 ரிங்கிட் கையிருப்பு மதிப்பில் குறையும், மீதி 5,280 விற்ற சரக்கின் அடக்கத்தில் குறையும். ஆண்டுக் கணக்கு டிசம்பரில் முடிந்து, கிரெடிட் நோட் ஜனவரியில் வந்தாலும், டார்கெட் டிசம்பரிலேயே எட்டியிருந்தால் அந்த ஆண்டுக் கணக்கிலேயே வரவேண்டியதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

9. கோப்பு

ஒவ்வொரு தள்ளுபடிக்கும் ஒரு கோப்பு. திட்டக் கடிதம், மூல இன்வாய்ஸ்களின் நகல், இன்வாய்ஸ் வாரியான பிரிப்புத் தாள், கிரெடிட் நோட், அதன் `MyInvois` ஒப்புதல், கழித்த `SST-02`இன் நகல், கட்டிய ரசீது, டீலர் கணக்கில் கழிந்ததைக் காட்டும் ஸ்டேட்மென்ட். ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். பிரிப்புத் தாளைத்தான் பலர் எக்செலில் போட்டுவிட்டு அப்படியே விட்டுவிடுவார்கள். கம்ப்யூட்டர் மாறும்போது அது போய்விடும். அச்சிட்டு, கிரெடிட் நோட்டின் பின்னால் பின் அடித்து வையுங்கள்.